கையெழுத்து எந்த மேசையில் நிற்கிறது? கஞ்சிக்கோட்டு ஆர்டர் ஒன்றின் 17 மாதங்கள்

என் மேசை இழுப்பறையில் நான்காக மடித்த ஏ3 தாள் ஒன்று இருக்கிறது. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு, லாரி யார்டு, எடைமேடை, கேட் பாஸ் மூன்றையும் ஒரே அமைப்பில் இணைக்கும் வேலையை விற்கப் போனபோது வரைந்த தாள் அது. 2023 ஜூலையில் முதல் சந்திப்பு, 2024 டிசம்பரில் பி.ஓ., அதாவது கொள்முதல் ஆணை, கைக்கு வந்தது. தாளில் 14 பேர் இருக்கிறார்கள். அவர்களில் 6 பேருக்குத்தான் கையெழுத்து அதிகாரம். ஆனால் அந்த 17 மாதத்தில் அதிக நாள் தாமதம் வந்தது கையெழுத்து அதிகாரம் இல்லாத ஆட்களால்தான்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். சித்தூர் தாலுகாவின் இந்தப் பக்கம் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், வேலைக்குக் கோயம்புத்தூர் என்று வாழ்கிறவர்கள் நிறையப் பேர். எங்கள் கம்பெனி கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு சிறு நிறுவனம். வாளையாறு தாண்டி கஞ்சிக்கோட்டுக்கு வாரம் இரண்டு முறை போய் வருவேன். பெரிய கம்பெனிகளுக்கு விற்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்த தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "யாரைப் பிடிச்சா ஆர்டர் வரும்ணா?" என்பதுதான். ஒரே ஆளைப் பிடித்து முடிகிற ஆர்டர் சின்ன ஆர்டர். பெரிய ஆர்டரில் பேப்பர் ஒவ்வொரு மேசையாக நகரும். எந்த மேசையில் எத்தனை நாள் நிற்கும், ஏன் நிற்கும் என்பதைத்தான் வரைந்து வைக்க வேண்டும்.

இந்த வரைபட யோசனை பழையது. 1972லேயே வெப்ஸ்டர், விண்ட் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள், ஒரு நிறுவனம் பொருள் வாங்கும்போது பயன்படுத்துபவர், கருத்துச் சொல்பவர், தீர்மானிப்பவர், கொள்முதல் செய்பவர், வாசலில் நின்று வடிகட்டுபவர் என்று பல பாத்திரங்கள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். 1990களில் மென்பொருள் விற்பனைக்காரர்கள் அதோடு 'சாம்பியன்' என்ற சொல்லைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாம் இல்லாத அறையில் நமக்காகப் பேசும் உள் ஆள் என்று அதற்குப் பொருள். இவை எல்லாமே உதவும். ஆனால் எனக்குப் பாடம் கற்றுக்கொடுத்தது வேறு ஒரு தோல்வி.

கஞ்சிக்கோட்டுக்கு முன்னால் இன்னொரு தொழிற்சாலையில் 11 மாதம் நடந்தேன். அங்கே ஒரு மேலாளர் போன உடனே டீ சொல்வார், டெமோவுக்கு ஆள் கூட்டி வருவார், "நம்ம சிஸ்டம்தான் வரப்போகுது" என்பார். அவரைச் சாம்பியன் என்று எழுதிவைத்தேன். பர்ச்சேஸில் இருந்தவர் எப்போது கேட்டாலும் "நோக்காம்" என்பார். பார்க்கலாம் என்று பொருள். அவரை எதிராளி என்றுகூட நான் எழுதவில்லை, நடுநிலை என்று போட்டேன். மார்ச் 31 வந்தது. அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய பணம் செலவாகாமல் காலாவதியானது. அடுத்த ஆண்டுப் பட்ஜெட்டில் எங்கள் வேலைக்கென்று ஒரு வரிகூட இல்லை. யாரும் எங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் யாருக்கும் வரவில்லை. நீண்ட கொள்முதலில் தடுக்க நினைப்பவர் ஒரு தேதியைத் தாண்டவிட்டால் போதும், வேலை தானாக நின்றுவிடும். அன்றிலிருந்து நான் வரையும் தாளில் ஆட்கள் ஒரு பக்கம், தேதிகள் ஒரு பக்கம்.

தாளின் அமைப்பு எளிமையானது. மேலே இடமிருந்து வலமாகக் கொள்முதலின் படிகள்: பட்ஜெட்டில் ஒரு வரி, மூலதனச் செலவுக்கான ஒப்புதல் குறிப்பு, ஐ.டி. பாதுகாப்புச் சோதனை, மூன்று பேரிடம் விலை கேட்பது, ஒப்பீட்டுப் பட்டியல், பேரம், பி.ஓ. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஆட்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டே விஷயம்: இந்த ஆள் இந்தப் படியில் பேப்பரை நிறுத்த முடியுமா, நிறுத்தினால் எத்தனை நாள். ஆள் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று சிறு பத்திகள். இந்த வேலை நடந்தால் அவருக்கு என்ன கிடைக்கும், என்ன போகும், கடைசியாக நமக்காக அவர் என்ன செய்தார், எந்தத் தேதியில். நான் கண்ணால் பார்த்ததையும் காகிதத்தில் படித்ததையும் பேனாவில் எழுதுவேன். பிறர் சொல்லக் கேட்டதைப் பென்சிலில். முதல் மாதத்தில் தாள் முழுக்கப் பென்சிலாக இருக்கும், அது தப்பில்லை. ஆறாம் மாதத்திலும் அப்படியே இருந்தால் நாம் ஒரே ஆளின் வாயிலிருந்து வந்ததை வைத்து ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு நாளைக்கு 90 லாரி வந்து போகும். இரண்டு எடைமேடை. லாரி உள்ளே வந்து, காலி எடை போட்டு, சரக்கு ஏற்றி, பாரம் எடை போட்டு, பில், இ-வே பில் எடுத்து வெளியே போக ஆறு மணி நேரம் வரை ஆனது. எங்களுக்கு முதலில் வாசல் திறந்தவர் லாஜிஸ்டிக்ஸ் மேலாளர். அவர் நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர், எங்கள் வேலை அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் முந்தைய தோல்விக்குப் பிறகு பிடித்திருப்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. சாம்பியனா இல்லையா என்று தெரிய, அவருக்கும் கொஞ்சம் செலவு வைக்கும் ஒன்றைக் கேட்க வேண்டும்.

இரண்டு விஷயம் கேட்டேன். முதலாவது, போன வருடம் லாரிகளை நிறுத்தி வைத்ததற்காக டிரான்ஸ்போர்ட்காரர்களுக்குக் கொடுத்த காத்திருப்புக் கட்டணம் எவ்வளவு என்ற உள்கணக்கு. அது அவர் துறையின் குறையைக் காட்டும் எண். இரண்டாவது, எத்தனை ரூபாய் வரை யார் ஒப்புதல் தரலாம் என்ற அதிகாரப் பட்டியலின்படி எங்கள் தொகை யாரிடம் போய் நிற்கும் என்ற தகவல். பத்து நாளில் இரண்டும் வந்தது. காத்திருப்புக் கட்டணம் 14 லட்சம். பிளான்ட் ஹெட்டின் அதிகாரம் 25 லட்சம் வரைதான், அதற்கு மேல் மும்பையில் இருக்கும் வணிகப் பிரிவுத் தலைவர் கையெழுத்து வேண்டும். எங்கள் தொகை 38 லட்சம், வருடப் பராமரிப்பு 5 லட்சம். அதைவிட முக்கியமாக அவர் ஒரு கெட்ட செய்தியும் சொன்னார்: "பைனான்ஸ் கன்ட்ரோலருக்கு நம்ம டிபார்ட்மென்ட் கேக்கறது எதுவுமே புடிக்காதுங்க, பொறுமையா வாங்க." நல்ல செய்தி மட்டும் கொண்டுவருபவர் நண்பர். கெட்ட செய்தியை முன்கூட்டிச் சொல்பவரைத்தான் சாம்பியன் என்று பேனாவில் எழுதலாம்.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். 38 லட்சத்தை 20, 18 என்று இரண்டு ஆர்டராகப் பிரித்தால் மும்பைக்குப் போகாமல் பிளான்ட் ஹெட்டோடு முடித்துவிடலாமே என்று உள்ளே இருந்தே ஒருவர் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். உள் தணிக்கைக்கு வருபவர்கள் முதலில் தேடுவதே ஒரே வேலைக்கு, ஒரே வெண்டருக்கு, அடுத்தடுத்த தேதியில் போட்ட இரண்டு பி.ஓ.வைத்தான். அகப்பட்டால் கையெழுத்துப் போட்ட ஆளுக்குத்தான் கேள்வி வரும். நம் சாம்பியனையே பலி கொடுத்து வாங்கிய ஆர்டராக அது முடியும்.

யார்டில் கையெழுத்து அதிகாரம் இல்லாத ஒருவர் இருந்தார். யார்டு சூப்பர்வைசர், வேலந்தாவளத்துக்காரர், 22 வருட சர்வீஸ். எந்த லாரி முதலில் எடைமேடைக்குப் போகும் என்பது அவர் கையசைப்பில் இருந்தது. டிரைவர்கள் அவரை அண்ணா, சேட்டா என்று சுற்றிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் அமைப்பு வந்தால் டோக்கன் எண்படி வரிசை தானாக நகரும், கையசைப்புக்கு வேலை இல்லை. 'என்ன போகும்' என்ற பத்தியில் அவருக்கு எதிரே 'மரியாதை' என்று எழுதினேன். ஒரு நாள் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் அவரோடு நின்றபோது, "தம்பி, மழை நேரத்துல தார்ப்பாய் கிழிஞ்ச வண்டி வந்தா உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாதுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன், ஜூலையில் காற்றோடு சேர்ந்து அடிக்கும் மழையில் சிமென்ட் பையோ மாவு மூட்டையோ ஏற்றக் காத்திருக்கும் வண்டியை முன்னால் விடுவது அவருடைய அனுபவ அறிவு. வரிசையை மாற்றும் உரிமையைக் காரணத்தோடு அவருக்கே வைப்பதாக வடிவமைப்பை மாற்றினோம். பென்சிலில் 'எதிர்ப்பு' என்று இருந்ததை அழித்தேன். ஆனால் 'ஆதரவு' என்று எழுதவில்லை. அவர் எதுவும் செய்து காட்டவில்லை, ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான்.

பட்ஜெட் வரி 2023 நவம்பரில் பிளான்ட் பட்டியலில் ஏறியது, 2024 மார்ச்சில் மும்பை ஒப்புக்கொண்டது. இங்கேதான் புதிதாக விற்பனைக்கு வருபவர்கள் இனிப்பு வாங்கிவிடுகிறார்கள். பட்ஜெட்டில் வரி இருப்பது, அந்தத் தலைப்பில் கேட்க அனுமதி கிடைத்திருப்பதுதான். பணம் நகர, மூலதனச் செலவு ஒப்புதல் குறிப்பு தனியாக எழுதப்பட்டு ஒவ்வொரு மேசையாகச் சுற்ற வேண்டும். எங்கள் தாளின் அடுத்த ஒன்பது மாதமும் அந்தச் சுற்றுதான்.

ஏப்ரலில் ஐ.டி. எதிர்ப்பு வந்தது. பிளான்ட் ஐ.டி. பொறியாளர் ஒரு நீண்ட மின்னஞ்சல் அனுப்பினார். எடைமேடைத் திரையிலிருந்து எடையை எடுக்கிறீர்களே, சட்ட அளவையியல் துறை வைத்த முத்திரை உடையாதா? எங்கள் கணக்கும் சரக்கும் ஓடும் எஸ்.ஏ.பி. மென்பொருளுக்குள் நீங்களே நேராக எழுதுவீர்களா? டிரைவரின் போன் எண், லைசென்ஸ் படம் எங்கே சேமிக்கப்படும், 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு என்ன பதில்? எங்கள் ஆட்கள் முகம் வாடினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதி அனுப்பிய எதிர்ப்புக்கு எழுதிப் பதில் சொல்லலாம். எடைமேடையை வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை செய்து முத்திரை வைக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் முத்திரை வைத்த பெட்டியைத் திறப்பதே இல்லை. வெளியே இருக்கும் ஆர்.எஸ்-232 இணைப்பிலிருந்து காட்டப்படும் எண்ணை வாசிக்க மட்டும் செய்கிறோம். எஸ்.ஏ.பி.யில் அவர்களுடைய ஐ.டி. ஆட்களே உருவாக்கித் தரும் இடைமுகம் வழியாகத்தான் தகவல் போகும். டிரைவர் படங்கள் இத்தனை நாளில் அழிக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். மும்பை ஐ.டி. பாதுகாப்புப் பிரிவின் கேள்வித்தாளை நிரப்பி, வெளி ஆளை வைத்து ஊடுருவல் சோதனை செய்து அறிக்கை கொடுக்க ஆறு வாரம் பிடித்தது. நாங்கள் ஜனவரியிலேயே அதைத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த ஆறு வாரத் தாமதம் முழுக்க என் தவறு. வரைபடத்தில் அந்தக் கட்டம் இருந்தது. பட்ஜெட் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று நானே 'நோக்காம்' சொல்லியிருந்தேன்.

ஜூனில் லாஜிஸ்டிக்ஸ் மேலாளருக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்தது. ஒன்றரை வருடம் ஓடும் ஆர்டரில் இதை விபத்தாக நினைக்கக்கூடாது, நடக்கும் என்றே வைத்துத் திட்டமிட வேண்டும். சாம்பியன் போனால் என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி. எங்களுக்கு இரண்டு மிஞ்சின. அவர் எங்கள் எண்களை எங்கள் பிரசன்டேஷனில் வைக்காமல், அவர்கள் கம்பெனியின் ஒப்புதல் குறிப்புப் படிவத்தில், அவர்கள் கணக்குக் குறியீடுகளோடு, அவர்கள் கோப்பில் ஏற்றியிருந்தார். அந்தக் கோப்பைத் தட்டச்சு செய்து சரிபார்த்த உதவி மேலாளருக்கு ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று தெரியும். புதிதாக வந்த மேலாளருக்கு அந்தக் கோப்பை விளக்கியது அந்த உதவி மேலாளர்தான். நான் அந்த அறையில் இல்லை. பிறகு பர்ச்சேஸ் அதிகாரி பேச்சோடு பேச்சாக அதைச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது ஆள் வாயிலிருந்து இப்படி வரும் தகவல்தான் சாம்பியனுக்கு நம்பகமான சான்று.

ஜூலையில் தாளில் இல்லாத ஒருவர் வந்தார். நான் பல மாதம் அவரைப் பார்க்காமலேயே இருந்தது, இந்த ஊரில் பிறந்தவனாக எனக்கு இன்னும் உறுத்துகிறது. சுமட்டுத் தொழிலாளர் யூனியனின் கன்வீனர். கேரளத்தில் சுமை ஏற்றி இறக்கும் தொழிலுக்குப் பல பத்தாண்டுகளாகவே தனிச் சட்டம் உண்டு. பதிவு பெற்ற தொழிலாளர்கள், நலவாரியம், பகுதிவாரிக் கூலி விகிதம் என்று அதற்கு ஒரு முழு அமைப்பே இருக்கிறது. வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்கு வாங்கும் நோக்குகூலியை அரசு 2018 மே 1 முதல் தடை செய்தது, அதை வைத்து வெளியூர்க்காரர்கள் யூனியன் என்றாலே ஒரு முன்முடிவோடு வருவார்கள். அது நியாயமில்லை. இந்த யார்டில் அவர்களுடைய கவலை கூர்மையானது. ஒவ்வொரு லாரியும் ஏற்ற எத்தனை நிமிடம் ஆனது என்று எங்கள் அமைப்பு பதிவு செய்யும். நாளைக்கு அந்த நிமிடக் கணக்கை நீட்டி எங்களை விரட்டுவீர்களா? எடைமேடையில் இரவு ஷிப்ட் பார்க்கும் நம் பிள்ளைகளின் ஓவர்டைம் போகுமா?

யூனியனோடு நேரில் பேசுவது எங்கள் வேலை இல்லை, வெண்டர் அங்கே நுழைந்தால் விஷயம் கெட்டுவிடும். எச்.ஆர். மேலாளரிடம் போனோம். அவர் காலண்டரைத்தான் முதலில் காட்டினார். திருவோணம் அந்த வருடம் செப்டம்பர் 15. ஆகஸ்டு தொடங்கினால் போனஸ் பேச்சு. போனஸ் மேசையில் எங்கள் விஷயமும் சேர்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று சிக்கி ஓணம் கழியும்வரை நகராது. ஜூலை கடைசிக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அக்டோபர். அந்த மூன்று வாரத்தில் எச்.ஆர். இரண்டு உறுதி கொடுத்தார். நேரப் பதிவு ஆள்வாரியாக எடுக்கப்படாது, ஓவர்டைம் குறைக்கப்படாது. நாங்கள் ஒன்று சேர்த்தோம். ஒவ்வொரு லோடுக்கும் டன் கணக்கு அச்சடித்த சீட்டின் ஒரு பிரதி தொழிலாளர் குழுவுக்கும் போகும். அதுவரை அவர்களுடைய டன் கணக்கு கிளார்க் கையால் எழுதும் நோட்டில் இருந்தது, மாதக் கடைசியில் அதன்மேல் வாக்குவாதம் வழக்கம். கன்வீனர் அந்தச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது மலையாளத்துல வேணும், தமிழ்லயும் வேணும்" என்றார். பேனாவில் எழுதினேன்.

ஆகஸ்டில் பைனான்ஸ் கன்ட்ரோலர் மேசைக்குக் கோப்பு போனது. வரைபடத்தை ஆட்களின் பட்டியலாக மட்டும் நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒப்புதல் குறிப்பில் வருடச் சேமிப்பு என்று மூன்று வரி. காத்திருப்புக் கட்டணம் 14 லட்சம். எடை வித்தியாசத்தால் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது 9 லட்சம். ஓவர்டைம் 5 லட்சம். மொத்தம் 28 லட்சம். அதில் எங்கள் வருடப் பராமரிப்பு 5 லட்சத்தைக் கழித்தால் 23 லட்சம். 38 லட்சம் முதலீடு 20 மாதத்தில் திரும்பி வரும். அந்தக் கம்பெனியின் விதி, 24 மாதத்துக்குள் திரும்பாத முதலீடு மும்பைக்கே போகாது.

கன்ட்ரோலர் பென்சிலை எடுத்து ஓவர்டைம் வரியை அடித்தார். ஓவர்டைம் குறைக்க மாட்டோம் என்று எச்.ஆர். எழுதிக் கொடுத்திருக்கும்போது அது எப்படிச் சேமிப்பாகும்? அவர் சொன்னது முழுக்கச் சரி. இப்போது சேமிப்பு 18 லட்சம். 38ஐ 18ஆல் வகுத்தால் 25 மாதத்துக்கு மேல். யூனியனைச் சம்மதிக்க வைத்த அதே வாக்குறுதி, பைனான்ஸ் கணக்கைத் தோற்கடித்துவிட்டது. இதில் யாருக்கும் நம்மேல் கோபம் இல்லை, யாரும் எதிரியும் இல்லை. இரண்டு பேருக்கு நாம் கொடுத்த நியாயமான பதில்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. அன்று முதல் என் தாளில் கட்டங்களுக்கு இடையே கோடுகளும் போடுகிறேன்: இவருக்குத் தரும் சலுகை யாருடைய எண்ணைத் தொடும் என்று.

வழி கண்டுபிடித்தது உதவி மேலாளர். எங்கள் விலையில் கேட்டில் வைக்கும் தடுப்புக் கம்பிகளும் கேமராக்களும் 4 லட்சத்துக்கு இருந்தன. அதே பொருட்களுக்குச் செக்யூரிட்டி துறை வேறு பட்ஜெட்டில் ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தது அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஒரே கேட்டுக்கு இரண்டு முறை வாங்க வேண்டாம் என்று அதை எங்கள் பட்டியலிலிருந்து எடுத்தோம். 34ஐ 18ஆல் வகுத்தால் 23 மாதத்துக்கும் கொஞ்சம் கம்மி. முன்பு நான் மறுத்த பிரிப்பு வேலை மாதிரி இது தோன்றலாம், ஆனால் அப்படி இல்லை. அந்த ஆர்டர் எங்களுக்கு முன்னாலேயே, வேறு வெண்டரிடம், வேறு துறையின் தேவைக்காகப் போடப்பட்டது. தொகை 25 லட்சத்துக்கு மேலேயே இருந்ததால் மும்பைக் கையெழுத்தும் தப்பவில்லை. கன்ட்ரோலர் இந்தக் காரணங்களைக் குறிப்பிலேயே எழுதச் சொன்னார், எழுதினோம். லாஜிஸ்டிக்ஸ் துறை கேட்பது எதுவும் பிடிக்காதவர் என்று நான் பென்சிலில் எழுதியிருந்த அதே மனிதர், மும்பையிலிருந்து வந்த தொலைபேசியில் இந்தக் கணக்கை எண் பிசகாமல் விளக்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தானே அடித்துத் திருத்திய கணக்கை ஒரு கணக்காளர் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

செப்டம்பர் கடைசியில் மும்பை ஒப்புதல் வந்தது. அக்டோபரில் மூன்று பேரிடம் விலை கேட்டார்கள். பர்ச்சேஸ் அதிகாரியைத் தடுப்பவர் வரிசையில் வைப்பது விற்பனைக்காரர்களின் பழைய வழக்கம். அவருடைய வேலை மூன்று விலையை ஒரே அளவுகோலில் நிறுத்துவது, அவருக்குப் பயம் தணிக்கைக் குறிப்பு. அவர் ஒப்பீட்டுப் பட்டியல் போட வசதியாக, எங்கள் விலையை அவர் கேட்ட வரிசையிலேயே உடைத்துக் கொடுத்தோம். பேரத்தில் 1 லட்சம் குறைத்தோம். அவர் வாங்கிய குறைப்பு கோப்பில் தெரிய வேண்டும், அதற்கு இடம் வைக்காமல் முதல் விலை கொடுப்பது அவரை அவமதிப்பதற்குச் சமம்.

நவம்பரில் கடைசி முட்டு. எங்களுக்கு உத்யம் பதிவு இருக்கிறது, சிறு நிறுவனம். அவர்கள் வெண்டர்களுக்குப் பணம் கொடுப்பது 90 நாளில். சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக்கூடாது. தாண்டினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. போதாதற்கு அப்போதைய வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருந்தது. சிறு நிறுவனத்துக்கான பாக்கி கெடு தாண்டி மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்தால், அந்தச் செலவை அந்த வருடம் வரிக்கணக்கில் கழிக்க முடியாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். இதனாலேயே சில கம்பெனிகள் சிறு வெண்டர்களை ஒதுக்கத் தொடங்கியிருந்தன. கார்ப்பரேட் பைனான்ஸில் இருந்த ஒருவர் "பெரிய வெண்டரைப் பாருங்கள்" என்று ஒரே வரி எழுதினார். அவரை நாங்கள் சந்தித்ததே இல்லை. கன்ட்ரோலரிடம் கேட்டு அவருடைய கவலை இன்னதென்று தெரிந்துகொண்டோம். வருடப் பராமரிப்பு பில்லை ஜனவரிக்குப் பதில் ஏப்ரல் முதல் வாரத்தில் போடுவதாக மாற்றினோம். அவர்கள் பக்கம் தாமதமானாலும் அதே நிதியாண்டுக்குள் பணம் வந்துவிடும், வரிச் சிக்கல் எழாது. 45 நாள் விதி இதனால் தளராது, அதை ஒப்பந்தத்தில் அப்படியே எழுதினோம். இரண்டு வாரத்தில் அந்த ஒரு வரி நீங்கியது.

டிசம்பரில் பி.ஓ. வந்தது, 33 லட்சம். அதன் ஒன்பதாவது பக்கத்தில், 10 சதவீதம் நிறுத்திவைக்கப்படும், யார்டு 30 நாள் தடையில்லாமல் ஓடியதாகச் சான்று வந்த பிறகு விடுவிக்கப்படும் என்று இருந்தது. சான்றில் கையெழுத்துப் போட வேண்டியவர் யார்டு சூப்பர்வைசர். 17 மாதம் கையெழுத்து அதிகாரம் இல்லாதவராக என் தாளில் இருந்தவர், கடைசிப் படியில் 3 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய்க்குக் கையெழுத்துப் போடும் ஆளானார். அவர் பெயருக்கு எதிரே இருந்த கட்டம் இன்னும் காலியாகவே கிடந்தது.

2025 மார்ச்சில் 30 நாள் முடிந்தது. காலை ஷிப்டில் போனேன். அவர் சான்றை மேசையில் வைத்துவிட்டு, முந்தின நாள் வரிசையை மாற்றிய நான்கு வண்டிகளின் பதிவைத் திரையில் திறந்து, அவர் சொன்ன காரணம் அப்படியே ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவதில் 'தார்ப்பாய்' என்பதற்கு எழுத்துப் பிழை இருந்தது. "இதைச் சரி பண்ணுங்க தம்பி," என்றார். சாயந்திரத்துக்குள் சரி செய்தோம். மறுநாள் காலை கையெழுத்துப் போட்டார்.